இன்னொரு நிறுவனத்தின் அட்மின் உங்கள் தரவைத் திறக்க முடியுமா?

2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடி சேவையில் இருந்த ஓர் ஓட்டையைப் பற்றிய விவரங்கள் வெளிவந்தன. CVE-2025-55241 என்ற எண்ணில் பதிவான அந்தக் குறைக்கு அபாய அளவில் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தார்கள். ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் நிறுவனங்கள் வைத்திருக்கும் இடம்தான் என்ட்ரா ஐடி. அலுவலக மின்னஞ்சலுக்குள் நுழையும்போது ‘இவர் யார்’ என்று சரிபார்த்துச் சொல்வது அது. யாரோ ஒருவர் தனக்கென ஒரு சோதனை நிறுவனக் கணக்கைத் திறந்துகொண்டு, அங்கே இருந்தபடியே வேறொரு நிறுவனத்தின் தலைமை அட்மினாக நடித்திருக்க முடியும் என்பதுதான் செய்தி.

கடவுச்சொல் எதுவும் திருடப்படவில்லை. சர்வர் எதையும் யாரும் உடைக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு நிறுவனத்தில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்துக்குள் எப்படி அட்மின் ஆக முடியும்? இதைப் புரிந்துகொள்ள, ஒரே மென்பொருளைப் பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## ஒரே மென்பொருள், பல நிறுவனங்கள்

இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ‘மல்டி டெனன்ட்’ முறையில் இயங்குகின்றன. டெனன்ட் என்பது ஒரு வாடிக்கையாளர் நிறுவனம். ஆயிரம் நிறுவனங்கள் சந்தா கட்டினாலும் ஓடுவது ஒரே நிரல்தான்; பல சமயம் தரவுத்தளமும் ஒன்றே. சேல்ஸ்போர்ஸ் 1999-ல் தொடங்கியதிலிருந்து இந்த முறையில்தான் வளர்ந்தது. சென்னையில் வேர்விட்ட ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவை விற்பதும் இந்த வகை மென்பொருள்தான்.

நிறுவனங்களின் தரவைப் பிரித்து வைக்க மூன்று வழிகள் உண்டு.

1. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தரவுத்தளம்.
2. ஒரே தரவுத்தளத்துக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி ஸ்கீமா, அதாவது தனித்தனி அட்டவணைத் தொகுப்பு.
3. எல்லோருக்கும் ஒரே அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் அது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லும் `tenant_id` எண்.

முதல் வழிதான் பிரிப்பதில் மிகப் பலமானது. ஆனால் ஐயாயிரம் நிறுவனங்கள் சேர்ந்துவிட்டால், ஓர் அட்டவணையில் ஒரு புதுப் பத்தி சேர்க்கக்கூட ஐயாயிரம் இடங்களில் மாற்ற வேண்டும். பாதியில் நின்றுபோனால் சில நிறுவனங்கள் பழைய வடிவிலும் சில புது வடிவிலும் கிடக்கும். செலவும் ஏறும். அதனால் சிறியதும் நடுத்தரமானதுமான மென்பொருள்கள் மூன்றாவது வழிக்கே வந்து சேர்கின்றன. அந்த வழியில் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் `tenant_id` என்ற அந்த எண்தான். அதைச் சரிபார்க்கும் வரி ஓரிடத்தில் விடுபட்டாலும் அந்த இடத்தில் சுவர் இல்லை.

## ஏன் குறிப்பாக அட்மின்?

சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 41-ம் எண் ஒரு பின்னலாடை நிறுவனம், 58-ம் எண் ஒரு மருத்துவமனை. சம்பளச் சீட்டைக் காட்டும் பகுதியின் நிரல் பல இடங்களில் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்:

```python
slip = db.get("SELECT * FROM payslips WHERE id = %s", slip_id)

if user.role == "admin" or slip.employee_id == user.employee_id:
    return slip
raise Forbidden()
```

மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும். சாதாரண ஊழியர் தன் சீட்டை மட்டும் பார்க்கலாம், அட்மின் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதில் சாதாரண ஊழியரால் எந்த ஆபத்தும் இல்லை. அவருடைய ஊழியர் எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், வேறு நிறுவனத்தின் சீட்டு அவருக்குத் தானாகவே அடைபட்டுவிடுகிறது. நிறுவனத்தைப் பற்றி நிரல் யோசிக்கவே இல்லை. ஆனாலும் அவர் எல்லைக்குள் நிற்கிறார்.

அட்மினின் கதை வேறு. ‘இது உன்னுடையதா’ என்ற கேள்வியை அவருக்காக நிரல் விலக்கிவிடுகிறது. அந்தக் கேள்விதான் தற்செயலாக நிறுவன எல்லையையும் காத்து நின்றது. அதை எடுத்ததும் மிஞ்சுவது ‘நீ அட்மினா’ என்ற கேள்வி மட்டும்தான். 41-ன் அட்மினும் அட்மின்தான். 58-ன் அட்மினும் அட்மின்தான். பின்னலாடை நிறுவனத்தின் அட்மின் முகவரிப் பட்டையில் `/payslips/8812` என்பதை `/payslips/8813` என்று மாற்றினால் மருத்துவமனையின் ஒரு செவிலியரின் சம்பளச் சீட்டு திறந்துகொள்ளும்.

இந்த வகைக் குறைகள் பெரும்பாலும் அட்மின் திரைகளில் ஒளிந்திருப்பதற்குக் காரணம் இதுதான். சோதிப்பவர்கள் சாதாரண ஊழியராக நுழைந்து பார்க்கிறார்கள், எல்லாம் அடைபட்டிருக்கிறது, திருப்தியாகிவிடுகிறார்கள். வலைப் பாதுகாப்புக்கான ஒவாஸ்ப் அமைப்பு, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வாசலான ஏபிஐ-க்கு வரும் அபாயங்களைப் பட்டியலிட்ட 2019, 2023 இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றது இந்தக் குடும்பத்துக் குறைதான்: கேட்கப்படும் பொருள் கேட்பவருக்கு உரியதா என்று பார்க்காமல் விடுவது.

வரிசை எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட அடையாளங்களை வைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உதவும், ஆனால் அது பூட்டு ஆகாது. அடையாளங்கள் மின்னஞ்சல் இணைப்புகளிலும், பதிவேடுகளிலும், அனுப்பப்பட்ட ஸ்கிரீன்ஷாட்களிலும் வெளியே போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

## ‘எந்த நிறுவனம்’ என்ற பதில் எங்கிருந்து வருகிறது?

சரி, எல்லா இடத்திலும் நிறுவன எண்ணையும் சேர்த்துச் சரிபார்ப்போம் என்று முடிவெடுக்கிறோம். அடுத்த கேள்வி: அந்த எண்ணை யாரிடமிருந்து வாங்குவது?

பல மென்பொருள்களில் உலாவி அனுப்பும் கோரிக்கையிலேயே அது இருக்கும். துணைப்பெயராக முகவரியில் இருக்கலாம், தலைப்பு வரியில் இருக்கலாம், அனுப்பும் படிவத்துக்குள் மறைந்திருக்கலாம். இவை எல்லாம் பயனர் தன் கையால் மாற்றக்கூடியவை. கோரிக்கையில் 58 என்று எழுதி அனுப்பியதையே நம்பி 58-ன் தரவை எடுத்தால், சரிபார்த்ததுபோல ஒரு தோற்றம் மட்டுமே இருக்கும். பயனர் உள்நுழைந்தபோது சர்வர் தானே உறுதிசெய்து எழுதி வைத்த பதிவிலிருந்துதான் அந்த எண் வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆள் இரண்டு நிறுவனங்களில் இருக்கலாம். பல நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கும் தணிக்கையாளர் 41-ல் அட்மினாகவும், 58-ல் அறிக்கைகளைப் படிக்க மட்டும் உரிமை உள்ளவராகவும் இருக்கலாம். பயனர் அட்டவணையில் `role = admin` என்று ஒரு பத்தி வைத்திருந்தால் இவரை எழுதவே வழியில்லை. ஒன்று, அவர் இரண்டிலும் அட்மின் ஆகிவிடுவார். இல்லையென்றால், இரண்டு கணக்குகள் திறக்க வேண்டும். பதவி ஆளோடு ஒட்டியிருக்கக் கூடாது, உறுப்பினர் தொடர்போடு ஒட்டியிருக்க வேண்டும்:

```sql
CREATE TABLE memberships (
  user_id   bigint NOT NULL,
  tenant_id bigint NOT NULL,
  role      text   NOT NULL,
  PRIMARY KEY (user_id, tenant_id)
);
```

இந்த அட்டவணையில் ‘அட்மின்’ என்று தனியாக ஒரு ஆள் கிடையாது. ‘41-க்கு அட்மின்’, ‘58-க்கு வாசகர்’ என்றுதான் எழுத முடியும். எந்த நிறுவனத்துக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதைக் கோரிக்கை சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் இந்த அட்டவணையில் பொருத்திப் பார்த்த பிறகுதான் அது உண்மையாகிறது. பொருந்தும் வரிசை இல்லையென்றால், கேட்டது இல்லை என்றே பதில் போக வேண்டும். ‘இருக்கிறது, ஆனால் உனக்கு அனுமதி இல்லை’ என்று சொன்னால், 58-ல் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது என்ற தகவலையே கொடுத்துவிடுகிறோம்.

எழுதும் பக்கமும் இதே அளவு கவனம் கேட்கிறது. வரும் படிவத்தில் உள்ள எல்லாப் பத்திகளையும் அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றும் வசதி, நிரல் எழுதப் பயன்படும் பல கட்டமைப்புகளில் உண்டு. ஓர் அட்மின் தன் ஊழியரின் பெயரைத் திருத்தும் கோரிக்கையில் `"tenant_id": 58` என்று ஒரு துண்டைச் சேர்த்து அனுப்பினால், அந்த ஊழியர் மருத்துவமனையின் ஊழியராக மாறிவிடுவார். அவர் உள்நுழைந்தால் எதிரே இருப்பது மருத்துவமனையின் திரை. `tenant_id` பத்தி, படிவத்திலிருந்து ஒருபோதும் நிரப்பப்படக் கூடாத பத்தி.

## சுவரைத் தரவுத்தளத்துக்குள் கட்டுவது

தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் குவெரிகள் ஐந்நூறு உள்ள நிரலில் ஐந்நூறு இடத்திலும் `WHERE tenant_id = ...` எழுத யாராலும் முடியும். ஐந்நூற்று ஒன்றாவதை அவசரத்தில் எழுதுபவர் மறந்துவிடுவார். ஆகவே மறந்தாலும் காக்கும் ஒரு தளம் அடியில் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2016 தொடக்கத்தில் வந்த 9.5 பதிப்பிலிருந்து ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ என்ற வசதி உண்டு. எந்த வரிசைகள் கண்ணுக்குத் தெரியலாம் என்ற விதியை அட்டவணையோடு கட்டிவிடலாம்:

```sql
ALTER TABLE payslips ENABLE ROW LEVEL SECURITY;
ALTER TABLE payslips FORCE ROW LEVEL SECURITY;

CREATE POLICY own_tenant ON payslips
  USING (tenant_id =
    NULLIF(current_setting('app.tenant_id', true), '')::bigint);
```

இனி ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் நிறுவன எண்ணை அமைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்:

```sql
BEGIN;
SELECT set_config('app.tenant_id', '41', true);
SELECT * FROM payslips WHERE id = 8813;
COMMIT;
```

8813 மருத்துவமனையின் சீட்டு. குவெரியில் நிறுவன எண் எழுதப்படவில்லை, ஆனாலும் கிடைப்பது பூஜ்யம் வரிசை. மேலே பார்த்த பிழையான நிரலை அப்படியே இதன்மேல் ஓட்டினாலும் பின்னலாடை அட்மினுக்கு எதுவும் கிடைக்காது. எண்ணை அமைக்கவே மறந்துவிட்டால் விதியின் வலப்பக்கம் வெறுமையாகி, ஒரு வரிசையும் தெரியாது. மறதி தரவைக் கசியவிடாமல் திரையைக் காலியாக்குகிறது. காலித் திரையைப் பற்றி அன்றைக்கே புகார் வந்துவிடும். கசிவைப் பற்றி மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இந்த முறையை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் இதை அமைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் விழும் மூன்று குழிகள் உண்டு.

1. அட்டவணையின் சொந்தக்காரர். அட்டவணையை உருவாக்கிய தரவுத்தளப் பயனருக்கு இந்த விதிகள் இயல்பாகப் பொருந்தாது. பல குழுக்களில் அட்டவணைகளை உருவாக்குவதும், மென்பொருள் தினமும் இணைவதும் ஒரே பயனர் பெயரில்தான். அப்படியானால் விதி எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஒரு நாளும் இயங்காது. பிழைச் செய்தியும் வராது. மேலே `FORCE` வரி இருப்பது இதற்காகத்தான். அதையும் தாண்டி, சூப்பர் யூசரையும் `BYPASSRLS` உரிமை உள்ளவரையும் `FORCE` கூடத் தடுக்காது. மென்பொருள் இணையும் அதே பெயரில் நுழைந்து கீழுள்ளதை ஓட்டிப் பாருங்கள்; இரண்டும் `f` என்று வர வேண்டும்.

```sql
SELECT rolsuper, rolbypassrls
FROM pg_roles WHERE rolname = current_user;
```

2. இணைப்புகளை மறுபடி பயன்படுத்துவது. தரவுத்தளத்துக்குப் புது இணைப்பு திறக்க நேரமாகும் என்பதால், திறந்த இணைப்புகளைப் பூல் ஒன்றில் வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நிறுவன எண்ணை வெறும் `SET` கொண்டு அமைத்தால் அது இணைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். 58-க்காக வேலை செய்த இணைப்பு பூலுக்குத் திரும்பி, அடுத்து 41-ன் கோரிக்கைக்குப் போகிறது. அந்தக் கோரிக்கையில் எண்ணை அமைக்கும் வரி ஏதோ காரணத்தால் ஓடவில்லை என்றால், 41-ன் அட்மின் 58-ன் தரவைப் பார்ப்பார். `set_config` வரியின் கடைசியில் உள்ள `true`, அந்த எண் அந்த ஒரு பரிவர்த்தனையோடு முடிந்துபோக வேண்டும் என்று சொல்கிறது. இந்தப் பிழையின் அடையாளம்: எப்போதாவது மட்டும் நடக்கும், நெரிசலான நேரத்தில் நடக்கும், எழுதியவரின் கணினியில் நடக்கவே நடக்காது. ‘ஒரு நொடி வேறு யாருடைய பெயரோ தெரிந்தது, ரிஃப்ரெஷ் செய்ததும் போய்விட்டது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அதைக் கண்மயக்கு என்று தள்ளிவிடக் கூடாது.

3. அட்டவணைகளுக்கு இடையிலான இணைப்பு. ஒரு சீட்டு எந்த ஊழியருடையது என்பதை உறுதிசெய்யும் அயல்சாவிச் சோதனைக்கு இந்த விதிகள் பொருந்துவதில்லை. 41-ன் சீட்டு ஒன்று 58-ன் ஊழியரைச் சுட்டுவதைத் தரவுத்தளம் தடுக்காது. சாவியில் ஊழியர் எண்ணோடு நிறுவன எண்ணையும் சேர்த்து `(tenant_id, employee_id)` என்று இரட்டையாக வைத்தால் மட்டுமே அது நடக்காமல் போகும்.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணை அமைப்பது மென்பொருள்தான் என்பதால், மென்பொருள் ஏமாந்தால் தரவுத்தளமும் ஏமாறும். குவெரிக்குள் தன் வரிகளை நுழைக்க ஒருவருக்கு வழி கிடைத்தால், அவர் முதலில் எழுதப்போவது `set_config`-ஐத்தான். இது மறதிக்கு எதிரான சுவர். எல்லா விதத் தாக்குதலுக்கும் எதிரானது அல்ல. மிகவும் அந்தரங்கமான தரவு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குத் தனித் தரவுத்தளம் கொடுப்பது இன்றும் நியாயமான முடிவு.

## தரவுத்தளத்துக்கு வெளியே

நிறுவனங்களின் தரவு தரவுத்தளத்தில் மட்டும் இருப்பதில்லை. வேகத்துக்காக விடைகளைச் சேமித்து வைக்கும் கேஷில் `payslip_summary:2025-08` என்ற சாவியில் ஒரு தொகுப்பு இருந்தால், முதலில் கேட்ட நிறுவனத்தின் தொகுப்பே அடுத்துக் கேட்பவருக்கும் போகும். சாவி `t41:payslip_summary:2025-08` என்று இருக்க வேண்டும். கேஷ் தவறினால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் நடந்தது ஒரு சாட்சி. தாக்குதல் நெரிசலைச் சமாளிக்க மாற்றிய கேஷ் அமைப்பு தவறிப்போய், ஒருவரின் கணக்குப் பக்கம் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே இருந்தவர்கள் தனிநபர்கள். ஆனால் பிழையின் வடிவம் இதேதான்.

பின்னணி வேலைகள் இன்னும் வழுக்கலானவை. மாதக் கடைசியில் எல்லா நிறுவனங்களுக்கும் சம்பளச் சீட்டு அனுப்பும் வேலைக்கு உள்நுழைந்த பயனர் என்று யாரும் இல்லை. எனவே ‘எந்த நிறுவனம்’ என்ற பதில் தானாக வராது. ஒரே சுற்றுக்குள் ஒவ்வொரு நிறுவனமாக ஓடும்போது, ஒன்றில் பிழை வந்து நின்று அடுத்ததற்குத் தாவினால், முந்தைய நிறுவனத்தின் எண் மாறாமல் தங்கிவிடலாம். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வேலையாகப் பிரித்து, எண்ணை வேலைக்குள்ளேயே எழுதி அனுப்பி, எண் இல்லாத வேலையை ஓட்ட மறுக்க வேண்டும்.

## என்ட்ரா ஐடியில் நடந்தது

இதுவரை பார்த்ததை வைத்து அந்தச் செய்தியைப் படித்தால் குழப்பம் விலகும்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டிர்க்-யான் மொலெமா. அவர் கண்டது இரண்டு தனித்தனி விஷயங்கள் சேர்ந்த ஒரு கூட்டு.

முதலாவது, மைக்ரோசாஃப்டின் சேவைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்திய ‘ஆக்டர் டோக்கன்’ என்ற பழைய அனுமதிச் சீட்டு. மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச், ஒரு பயனர் சார்பாக இன்னொரு சேவையிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் இதைக் காட்டும். இது 24 மணி நேரம் செல்லும். இடையில் ரத்து செய்ய முடியாது. நிறுவனங்கள் தங்கள் பயனர்களுக்கு விதிக்கும் நுழைவு நிபந்தனைகளும் இதைத் தொடாது. உள்ளே இருக்கும் ஆக்டர் டோக்கனில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உண்டு. அதைச் சுற்றி ‘எந்த நிறுவனத்தின் எந்தப் பயனர் சார்பாக’ என்று எழுதிய ஓர் உறை இருக்கும். அந்த உறையில் கையொப்பம் கிடையாது. டோக்கனை வைத்திருப்பவரே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, `graph.windows.net` என்ற முகவரியில் இயங்கிய பழைய ஏபிஐ. அது உள்ளே உள்ள கையொப்பத்தைச் சரிபார்த்தது. ஆனால் உள் டோக்கன் எந்த நிறுவனத்தில் வழங்கப்பட்டதோ, அதே நிறுவனத்தின் பெயர்தான் உறையிலும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

படிகளாகச் சொன்னால் இப்படி நடந்திருக்கும்:

1. தாக்குபவர் தன் சொந்தச் சோதனை நிறுவனத்தில், முறைப்படியே ஓர் ஆக்டர் டோக்கன் வாங்குகிறார்.
2. குறிவைக்கும் நிறுவனத்தின் டெனன்ட் எண்ணை அதன் இணையப் பெயரைக் கொண்டு எடுக்கிறார். அது ரகசியம் அல்ல, யாரும் பார்க்கலாம்.
3. அந்த நிறுவனத்தில் ஏதாவது ஒரு பயனரின் உள் அடையாள எண்ணைத் தேடுகிறார். அந்த எண்களை ஊகித்து முயன்று பார்க்க முடிந்தது. இன்னொரு வழி, இரண்டு நிறுவனங்களுக்கு இடையே விருந்தினராகச் சேர்க்கப்பட்ட பயனரின் பதிவு. அதில் அவருடைய சொந்த நிறுவனத்து எண் இருந்தது.
4. உறையில் அந்த நிறுவனத்தையும் பயனரையும் எழுதி அனுப்புகிறார். சாதாரணப் பயனராக உள்ளே போய், அட்மின்களின் பட்டியலை எடுத்து, அடுத்த உறையில் தலைமை அட்மினின் எண்ணை எழுதுகிறார்.

முதலில் பார்த்த சம்பளச் சீட்டு நிரலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ‘அட்மினா’ என்று கேட்டு ‘எந்த நிறுவனத்துக்கு’ என்று கேட்காமல் விட்டார்கள். இங்கே ‘டோக்கன் உண்மையானதா’ என்று கேட்டு ‘எந்த நிறுவனத்துக்கு வழங்கியது’ என்று கேட்காமல் விட்டார்கள். உண்மையான கையொப்பம், வழங்கியவர் யார் என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். அதோடு நிறுவன எண் கையொப்பத்துக்கு வெளியே, பயனரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

மொலெமா 2025 ஜூலை 14 அன்று தெரிவித்தார். மைக்ரோசாஃப்ட் ஜூலை 17-க்குள் திருத்தத்தைப் பரப்பிவிட்டது. யாரும் இதைத் தவறாகப் பயன்படுத்தியதற்கான தடயம் தங்கள் பதிவேடுகளில் இல்லை என்று நிறுவனம் கூறியது. மூன்றே நாளில் சரிசெய்தது உண்மையிலேயே நல்ல வேகம். அதே சமயம் இந்த ஏபிஐ ஏற்கெனவே ஓய்வுபெற வேண்டியது என்று அறிவிக்கப்பட்ட ஒன்று. புதுச் சுவர்களை எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், மூடப்படாத பழைய வாசல் ஒன்று போதும்.

## எப்படிச் சோதிப்பது?

மென்பொருள் எழுதுபவர்கள் கையில் உள்ள மிகப் பயனுள்ள கருவி, இரண்டு நிறுவனங்களை வைத்துச் செய்யும் சோதனை. பெரும்பாலான சோதனைத் தரவுகளில் ஒரே ஒரு நிறுவனம்தான் இருக்கும்; அங்கே `tenant_id` விடுபட்டால் கண்டுபிடிக்கவே வழியில்லை. குறைந்தது இரண்டு நிறுவனங்களை உருவாக்குங்கள். இரண்டாவதன் பெயர், முகவரி, கோப்பு என எல்லாப் பத்தியிலும் `ZZ58LEAK` போன்ற ஒரு தனித்த சொல்லைப் போட்டு வையுங்கள். பிறகு முதல் நிறுவனத்தின் அட்மினாக நுழைந்து, `/payslips/8812` போலக் கோரிக்கைகள் வந்து சேரும் வழித்தடங்கள் ஒவ்வொன்றையும் இரண்டாவதன் எண்களைக் கொடுத்து அழையுங்கள். எண்ணைக் கொடுத்துக் கேட்பவை ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற `404` பதிலைத் தர வேண்டும்; பட்டியல்கள், தேடல், எக்செல் ஏற்றுமதி எதிலும் அந்தச் சொல் தட்டுப்படக் கூடாது; இரண்டாவதன் வரிசைகள் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. வழித்தடங்களின் பட்டியலைக் கையால் எழுதாமல் நிரலிடமிருந்தே எடுங்கள். அப்போதுதான் நாளைக்கு ஒருவர் புதிதாகச் சேர்க்கும் வழித்தடமும் தானாகச் சோதனைக்குள் வரும்.

இந்தச் சோதனைக்குள் அகப்படாத ஓர் அட்மின் உண்டு: மென்பொருள் விற்பவரின் சொந்த உதவிக் குழு. எல்லா நிறுவனங்களையும் பார்க்கும் திரை அவர்களுக்கு வேலைக்காகத் தேவைப்படுகிறது. அந்தத் திரையை வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிரலுக்குள்ளேயே `is_superadmin` என்ற ஒரு குறியாக வைப்பதுதான் தவறு. அந்தக் குறி ஒருவருக்குத் தவறிப் போனால் எல்லாச் சுவரும் ஒரேயடியாகப் போகும். தனி முகவரியில், தனி உள்நுழைவோடு, ஒரு நேரத்தில் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும், குறித்த நேரத்துக்கு மட்டும் நுழையும்படி அது இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தன் கையால் அனுமதி கொடுத்தால் மட்டுமே உதவிக் குழு நுழையலாம் என்ற அமைப்பை சேல்ஸ்போர்ஸ் வைத்திருக்கிறது, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கது.

மென்பொருளை வாங்கும் நிறுவனத்தால் உள்நிரலைப் பார்க்க முடியாது. ஆனால் கேட்க முடியும்: எங்கள் தரவு தனித் தரவுத்தளத்தில் இருக்கிறதா, பகிர்ந்த அட்டவணையிலா? பகிர்ந்ததென்றால் தரவுத்தள அளவில் தடுப்பு உண்டா? உங்கள் ஊழியர் எங்கள் கணக்குக்குள் வந்தால் எங்கள் பதிவேட்டில் அது தெரியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். என்ட்ரா விஷயத்தில் எதையாவது மாற்றியிருந்தால் பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரி விழுந்திருக்கும்; அந்த வரியில் தலைமை அட்மினின் கணக்கோடு எக்ஸ்சேஞ்சின் பெயர் சேர்ந்திருக்கும் என்பதால் தேடிப் பிடிக்கவும் முடியும். ஆனால் பயனர் விவரங்களையும் அமைப்புகளையும் வெறுமனே படித்துவிட்டுப் போயிருந்தால், அந்தப் பழைய ஏபிஐ வாடிக்கையாளருக்கு எந்தப் பதிவும் விட்டுவைக்கவில்லை.